நன்றாக ஓடும் விளம்பரத்தின் பட்ஜெட்டை ஒரே இரவில் இரட்டிப்பாக்கலாமா? பெங்களூரு புடவைக் கணக்கு சொல்லும் பதில்

பெங்களூருவில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் புடவை விற்பவர்கள் நிறைய பேர். சிக்பேட்டையில் மொத்த விலைக்கு எடுத்து, இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, மெட்டா விளம்பரம் மூலம் ஆர்டர் பிடிக்கிறார்கள். பத்து விளம்பரம் போட்டால் ஒன்றுதான் பிடிக்கும். அந்த ஒன்று நன்றாக ஓடத் தொடங்கியதும் எல்லோருக்கும் வரும் எண்ணம் ஒன்றுதான்: "2,000 ரூபாய்க்கு 10 ஆர்டர் வருதுன்னா, 4,000 போட்டா 20 வருமே!"

இரவோடு இரவாக பட்ஜெட்டை இரட்டிப்பாக்குகிறார்கள். இரண்டே நாளில் ஒரு ஆர்டருக்கான செலவு ஏறிவிடுகிறது. பயந்துபோய் பழைய பட்ஜெட்டுக்கே திரும்பினால், பழைய ஆர்டர்களும் உடனே வருவதில்லை. ஏன் இப்படி நடக்கிறது? பட்ஜெட்டை எப்படி ஏற்ற வேண்டும்? எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்? ஒரு கணக்கோடு பார்ப்போம்.

ஆட் செட் எதைக் கற்றுக்கொள்கிறது?

மெட்டா விளம்பரத்தில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலே கேம்பெய்ன், நடுவில் ஆட் செட், கீழே நீங்கள் போடும் படமும் வீடியோவும். யாருக்குக் காட்டுவது, எந்த ஊரில் காட்டுவது, எந்தச் செயலை எதிர்பார்ப்பது என்பதெல்லாம் ஆட் செட்டில் இருக்கிறது. தினசரி பட்ஜெட்டையும் பெரும்பாலான சிறு வியாபாரிகள் அங்கேதான் வைக்கிறார்கள்.

விளம்பரம் ஒருவரின் போனில் தெரிவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஓர் ஏலம் நடக்கிறது. அதில் அதிகப் பணம் கேட்டவர்தான் ஜெயிப்பார் என்று இல்லை. நீங்கள் தரும் ஏலத்தொகை, இந்த நபர் வாங்க எவ்வளவு வாய்ப்பு என்று மெட்டா போடும் மதிப்பீடு, விளம்பரத்தின் தரம் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் முடிவு வருகிறது. இதில் நடுவில் இருக்கும் மதிப்பீடு மிக முக்கியம். இந்தப் புடவையை யார் வாங்குகிறார்கள், எந்த நேரத்தில் வாங்குகிறார்கள், எந்த இடத்தில் பார்த்தால் வாங்குகிறார்கள் என்பதை உங்கள் ஆட் செட்டுக்கு வந்த ஆர்டர்களைப் பார்த்துத்தான் அது சரிசெய்துகொள்கிறது.

இந்தக் காலத்துக்கு மெட்டா வைத்திருக்கும் பெயர் கற்றல் கட்டம். ஆட்ஸ் மேனேஜரில் `Delivery` என்ற பத்தியில் `Learning` என்று தெரியும். கடைசியாகச் செய்த பெரிய மாற்றத்துக்குப் பிறகு ஒரு வாரத்தில் சுமார் 50 ஆர்டர்கள் கிடைத்தால், பொதுவாக அந்தக் கட்டம் முடிந்து `Active` ஆகும். அதுவரை செலவு ஒரு நாள் குறைவாகவும் ஒரு நாள் அதிகமாகவும் ஆடிக்கொண்டே இருக்கும். 50 ஆர்டர் கிடைக்க வழியே இல்லை என்று தெரிந்தால் `Learning limited` என்று காட்டும்.

படம், எழுத்து, யாருக்குக் காட்டுவது, எந்தச் செயலுக்காக ஓட்டுவது ஆகியவற்றை மாற்றினால் அது பெரிய மாற்றம். புது விளம்பரம் ஒன்றைச் சேர்த்தாலும், 7 நாளோ அதற்கு மேலோ நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி ஓட்டினாலும் அப்படியே. பட்ஜெட் மட்டும் கொஞ்சம் வேறு. அது பெரிய மாற்றமா இல்லையா என்பது அளவைப் பொறுத்தது. 100 டாலரை 101 ஆக்கினால் எதுவும் ஆகாது, 1,000 ஆக்கினால் கற்றல் மறுபடி தொடங்கலாம் என்பது மெட்டாவே தரும் உதாரணம். நடுவில் எந்தச் சதவீதத்தில் கோடு இருக்கிறது என்று அது சொல்வதில்லை. விளம்பரத் துறையில் எல்லோரும் சொல்லும் "20 சதவீதம்" ஓர் அனுபவக் கணக்குதான், மெட்டாவின் விதி இல்லை.

இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும்?

இரண்டு பிரச்சினைகள் ஒன்றாக வருகின்றன. இரண்டையும் தனித்தனியாகப் புரிந்துகொள்வது அவசியம்.

முதலாவது, மேலே சொன்ன கற்றல் பிரச்சினை. மெட்டா உங்கள் பட்ஜெட்டை நாள் முழுக்கப் பிரித்துச் செலவு செய்யப் பார்க்கும். 2,000 ரூபாய்க்கு எந்த வேகத்தில் ஏலம் கேட்க வேண்டும் என்று அதற்குப் பழகியிருக்கும். திடீரென்று 4,000 என்றதும் அந்த வேகம் பொருந்தாது. புது ஆட்களிடம், புது நேரங்களில் காட்டிப் பார்க்கும். அதற்கான செலவு உங்களுடையது. அதிலும் இரவு 9 மணிக்குப் பட்ஜெட்டை ஏற்றினால், கூடுதல் பணத்தைச் செலவழிக்க அன்றைக்கு மூன்று மணி நேரம்தான் மிச்சம்.

இரண்டாவது பிரச்சினை கற்றல் முடிந்த பிறகும் போகாது. வழக்கமான `Highest volume` முறையில், கொடுத்த பட்ஜெட்டுக்குள் எவ்வளவு ஆர்டர் முடியுமோ அவ்வளவையும் எடுக்க அமைப்பு முயலும். அதனால் மலிவாகக் கிடைக்கும் வாடிக்கையாளர்களை முதலில் எடுக்கும். மாமரத்தில் கைக்கு எட்டும் காயை முதலில் பறிப்பது மாதிரி. பணத்தைக் கூட்டக் கூட்ட மேல் கிளைக்குப் போக வேண்டியிருக்கும். 11-வது ஆர்டர் 10-வது ஆர்டரை விட விலை கூடுதல். 20-வது இன்னும் கூடுதல். மெதுவாக ஏற்றினால் முதல் பிரச்சினை குறையும். இரண்டாவது குறையாது. ஆனால் அது எந்த இடத்தில் உங்கள் லாபத்தைக் கடிக்கத் தொடங்குகிறது என்பதை மெதுவாக ஏற்றும்போதுதான் பார்க்க முடியும்.

முதலில் உங்கள் எல்லையைக் கண்டுபிடியுங்கள்

பட்ஜெட்டைத் தொடுவதற்கு முன் ஓர் எண் கையில் இருக்க வேண்டும். ஓர் ஆர்டருக்கு அதிகபட்சம் எவ்வளவு விளம்பரச் செலவு தாங்கும் என்ற எண். இனி வருபவை விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் கணக்கை இதே வழியில் போட்டுப் பாருங்கள்.

ஒரு காட்டன் புடவை 1,400 ரூபாய்க்கு விற்கிறீர்கள். வாங்கிய விலை 750. பேக்கிங், கூரியர், பணம் வசூலிக்கும் கட்டணம் எல்லாம் சேர்த்து 150. மிச்சம் 500 ரூபாய்.

ஆனால் கேஷ் ஆன் டெலிவரியில் எல்லாப் பார்சலும் வீடு போய்ச் சேர்வதில்லை. 10 ஆர்டரில் 2 திரும்பி வருகிறது என்று வையுங்கள். திரும்பும் ஒவ்வொன்றுக்கும் போக, வர 200 ரூபாய் நஷ்டம். எட்டு புடவைக்கு 4,000 ரூபாய் வரவு, இரண்டுக்கு 400 ரூபாய் செலவு. 10 ஆர்டருக்கு மிச்சம் 3,600. அதாவது ஆர்டர் ஒன்றுக்கு 360 ரூபாய்.

இன்னொன்றும் உண்டு. விளம்பரச் செலவின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வருகிறது. ஜிஎஸ்டி பதிவு செய்து உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுப்பவர்களுக்கு இது பிரச்சினை இல்லை. எடுக்க முடியாதவர்களுக்கு அது நேரடிச் செலவு. 360-ஐ 1.18-ஆல் வகுத்தால் 305. ஆட்ஸ் மேனேஜரில் தெரியும் ஓர் ஆர்டருக்கான செலவு 305 ரூபாயைத் தாண்டினால், அந்த ஆர்டரில் உங்களுக்கு நஷ்டம்.

பார்சல் திரும்பி வந்தது மெட்டாவுக்குத் தெரியாது. ஆர்டர் போட்ட நொடியிலேயே அது ஒரு விற்பனை என்று எண்ணிவிடும். அதனால் இந்தக் கழிவை நீங்கள்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரவோடு இரவாக ஏற்றியவரின் மூன்று நாள்

தினசரி 2,000 ரூபாய், ஓர் ஆர்டருக்கு 200 ரூபாய், நாளுக்கு 10 ஆர்டர், வாரத்துக்கு 70. கற்றல் கட்டம் முடிந்த ஆட் செட். இதை வெள்ளி இரவு 4,000 ஆக்குகிறார் ஒருவர்.

சனிக்கிழமை 4,000 செலவாகி 12 ஆர்டர் வருகிறது. ஞாயிறு 11. இரண்டு நாளில் 8,000 ரூபாய்க்கு 23 ஆர்டர். ஒன்றுக்கு 348 ரூபாய். பழைய பட்ஜெட்டில் 4,000 ரூபாய்க்கே 20 வந்திருக்கும். கூடுதல் 4,000 ரூபாய் வாங்கித் தந்தது வெறும் மூன்று ஆர்டர்.

உண்மையான தவறு திங்கட்கிழமைதான் நடக்கிறது. பயத்தில் பட்ஜெட்டைப் பாதியாக வெட்டுகிறார். அதுவும் ஒரு பெரிய மாற்றம். "படம் பழசாயிடுச்சோ" என்று புதன்கிழமை படத்தையும் மாற்றுகிறார். அது இன்னொன்று. ஒரே வாரத்தில் மூன்று முறை கற்றல் தொடங்கிவிட்டது. எந்த மாற்றத்தால் எது நடந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

நீங்கள் ஏற்கெனவே இந்த நிலையில் இருந்தால், எதையும் தொடாமல் விடுவதுதான் முதல் வேலை. தாங்கக்கூடிய ஒரு பட்ஜெட்டை வைத்துவிட்டு ஒரு வாரம் காத்திருங்கள். `Last significant edit` என்ற பத்தியைச் சேர்த்துக்கொண்டால், கடைசிப் பெரிய மாற்றம் எப்போது நடந்தது என்று தெரியும். அந்தத் தேதியிலிருந்துதான் உங்கள் ஒரு வாரம் தொடங்குகிறது.

படிப்படியாக ஏற்றுவது எப்படி?

20 சதவீதம் என்றால் ரொம்ப மெதுவாகத் தோன்றும். ஆனால் 2,000 என்பது 2,400, 2,880, 3,450, 4,150 என்று நாலே படியில் இரட்டிப்பைத் தாண்டிவிடும். மூன்று நாளுக்கு ஒரு படி ஏறுபவர்கள் உண்டு. சின்ன பட்ஜெட்டுக்கு வாரம் ஒரு படி நல்லது. அதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, ஞாயிற்றுக்கிழமை விற்பனையும் செவ்வாய்க்கிழமை விற்பனையும் ஒரே மாதிரி இருக்காது. முழு வாரத்தை முழு வாரத்தோடு ஒப்பிட்டால்தான் கணக்கு சரியாக வரும். தினசரி பட்ஜெட்டே அப்படித்தான் வேலை செய்கிறது. சில நாள் நீங்கள் சொன்னதை விட அதிகம் செலவாகும்; வாரத்தில் ஏழு மடங்கைத் தாண்டாது. இன்னொன்று, இன்று விளம்பரத்தைத் தொட்டவர் நாலு நாள் கழித்து வாங்கலாம். வழக்கமான அமைப்பில் கிளிக் செய்து 7 நாளுக்குள் வாங்கினால், அந்த ஆர்டர் இந்த விளம்பரத்தின் கணக்கில் சேரும். ஆகவே நேற்றைய எண் இன்னும் ஏறக்கூடும். அதை வைத்து இன்று முடிவெடுக்கக் கூடாது.

நம் புடவைக் கணக்கில், ஒவ்வொரு படியிலும் ஒரு வாரம் இருந்தால் இப்படி வரலாம்:

தினசரி 2,000: வாரச் செலவு 14,000, ஆர்டர் 70, சராசரி 200 ரூபாய்.
தினசரி 2,400: வாரச் செலவு 16,800, ஆர்டர் 82, சராசரி 205 ரூபாய்.
தினசரி 2,880: வாரச் செலவு 20,160, ஆர்டர் 94, சராசரி 214 ரூபாய்.
தினசரி 3,450: வாரச் செலவு 24,150, ஆர்டர் 103, சராசரி 234 ரூபாய்.

இதைப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரிகிறது. நம் எல்லை 305. சராசரி 234-தான். ஆர்டரும் கூடிக்கொண்டே போகிறது. அப்போ இன்னும் ஏத்தலாமா?

கூடாது. சராசரியை விட்டுவிட்டு, கூடுதலாகப் போட்ட பணம் என்ன கொண்டுவந்தது என்று பாருங்கள். முதல் படியில் கூடுதல் 2,800 ரூபாய்க்கு 12 ஆர்டர், ஒன்றுக்கு 233. இரண்டாவது படியில் கூடுதல் 3,360 ரூபாய்க்கு 12 ஆர்டர், ஒன்றுக்கு 280. மூன்றாவது படியில் கூடுதல் 3,990 ரூபாய்க்கு வெறும் 9 ஆர்டர், ஒன்றுக்கு 443. நம் எல்லையான 305-ஐ அது எப்போதோ தாண்டிவிட்டது. பழைய மலிவான ஆர்டர்கள் சராசரியை இழுத்துப் பிடித்திருப்பதால் நஷ்டம் கண்ணுக்குத் தெரியவில்லை.

வார லாபத்தைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆர்டருக்கு 360 வீதம் வரவு, அதில் ஜிஎஸ்டியோடு விளம்பரச் செலவைக் கழிக்க வேண்டும். 2,000 பட்ஜெட்டில் 8,680 ரூபாய் மிச்சம். 2,400-இல் சுமார் 9,700. 2,880-இல் சுமார் 10,050. 3,450-இல் சுமார் 8,580. அதாவது வாரத்துக்கு 33 பார்சல் கூடுதலாகக் கட்டி அனுப்பியும், தொடங்கிய இடத்தை விட 100 ரூபாய் குறைவாகவே மிச்சமாகிறது. சரக்கில் முடங்கிய பணம் தனி.

4,000-க்கு ஒரே தாவலாகத் தாவியவர் இந்த 2,880-ஐப் பார்த்திருக்கவே மாட்டார்.

ஒரு வார எண்ணை எவ்வளவு நம்பலாம்?

இங்கே ஓர் எச்சரிக்கை. வாரத்துக்கு 94 ஆர்டர் வரும் கடையில், எதையும் மாற்றாமலே அடுத்த வாரம் 85-ம் வரலாம், 104-ம் வரலாம். இது வெறும் ஏற்ற இறக்கம். ஆகவே 12-க்குப் பதில் 9 வந்தது என்பதை மட்டும் வைத்து உடனே தீர்ப்பு சொல்ல முடியாது.

அதனால் கூடுதல் ஆர்டரின் விலை எல்லையைத் தாண்டினால், அதே படியில் இன்னும் ஒரு வாரம் இருங்கள். இரண்டாவது வாரமும் அப்படியே இருந்தால் ஒரு படி இறங்குங்கள். இறங்குவதும் ஒரு படிதான், பாதாளத்துக்கு வேண்டாம். சம்பள வாரம், பண்டிகை வாரம் போன்றவற்றைச் சாதாரண வாரத்தோடு ஒப்பிடாதீர்கள். பெங்களூருவில் வரமகாலட்சுமி பூஜைக்கு முந்தைய வாரம் புடவைக்கு இருக்கும் தேவை அதற்குப் பிறகு இருக்காது. அந்த வாரத்தில் கிடைத்த எண்ணை நம்பிப் பட்ஜெட்டை ஏற்றினால் அடுத்த வாரம் கை கடிக்கும்.

செலவு ஏறும்போது காரணம் என்ன என்பதையும் பிரித்துப் பார்க்கலாம். `Delivery`-யில் `Learning` என்று இருந்தால் முதலில் காத்திருங்கள். `Active` என்றே இருக்கிறது, ஆனால் `Frequency` வாரா வாரம் ஏறுகிறது, கிளிக் விகிதம் இறங்குகிறது என்றால், ஒரே ஆட்களுக்கே திரும்பத் திரும்பக் காட்டுகிறது என்று அர்த்தம். பெங்களூருவுக்குள் மட்டும், ஒரு குறுகிய வயதுக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இது சீக்கிரம் வரும். இதற்குப் பட்ஜெட் மருந்தல்ல. மைசூரு, கோவை, சென்னை என்று ஊர்களை விரிக்கலாம், அல்லது புது படம் போடலாம். இரண்டுமே பெரிய மாற்றங்கள் என்பதால் ஓடுகிற ஆட் செட்டைத் தொடாமல், தனி ஆட் செட்டில் செய்து பாருங்கள். அந்தப் புது ஆட் செட்டும் கற்றலை முதலிலிருந்துதான் தொடங்கும்.

எப்போது மெதுவாக ஏற்றக் கூடாது?

இந்த விதி எல்லோருக்கும் பொருந்தாது. தினசரி 500 ரூபாயில், ஓர் ஆர்டர் 200 ரூபாய்க்கு ஓட்டுகிறீர்கள் என்றால் வாரத்துக்கு 17 ஆர்டர்தான். கற்றல் கட்டமே முடியவில்லை. பாதுகாக்க அங்கே எதுவும் இல்லை. 500-ஐ 600 ஆக்குவதால் பயன் இல்லை. வாரம் 50 ஆர்டர் வேண்டுமென்றால் தினசரி சுமார் 1,430 ரூபாய் தேவை. அது கையில் இருந்தால் ஒரே தாவலாகப் போகலாம். இல்லையென்றால் சின்னச் சின்னதாக ஓடும் ஆட் செட்களை ஒன்றாக்குங்கள்.

பண்டிகைக்குச் சில நாளே இருக்கிறது, சரக்கு வீட்டில் தேங்கியிருக்கிறது என்றாலும் 20 சதவீதம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அப்படிப்பட்ட சமயத்துக்கு, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் பட்ஜெட்டைக் கூட்டும் `Budget scheduling` வசதி இருக்கிறது. ஆனால் சில நாள் செலவு ஏறும் என்று தெரிந்தே இறங்க வேண்டும். எவ்வளவு வரை தாங்கலாம் என்பதற்கு மேலே போட்ட 305 போன்ற உங்கள் எண் கையில் இருக்க வேண்டும்.

மற்றபடி, ஓடுகிற ஆட் செட்டுக்கு வழி எளிது. வாரம் ஒரு முறை, ஒரே நாளில், காலையிலேயே பட்ஜெட்டை 20 சதவீதம் ஏற்றுங்கள். அன்றைக்கு வேறு எதையும் மாற்றாதீர்கள். ஒரு நோட்டில் வாரச் செலவு, ஆர்டர், கூடுதல் செலவு, கூடுதல் ஆர்டர் என்று நான்கு எண்களை மட்டும் எழுதுங்கள். கடைசி இரண்டையும் வகுத்து வரும் தொகை உங்கள் எல்லையை இரண்டு வாரம் தொடர்ந்து தாண்டினால், அந்த விளம்பரம் அதற்கு மேல் வளராது. மிச்சப் பணத்தை அடுத்த புடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.